அப்பாவின் புகைப்படப் பெட்டிகள்: எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்த விதம்

அப்பா மறைந்த சில மாதங்களுக்குப் பின், அவர் வாழ்நாள் முழுதும் சேர்த்து வைத்திருந்த புகைப்படங்களைப் பிரித்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அட்டைப்பெட்டிகளில் உதிரிப் படங்களும், ஆல்பங்களும், ஸ்டூடியோக்காரர்கள் கொடுத்த காகித உறைகளில் நெகட்டிவ் துண்டுகளும் நிறைந்திருந்தன. அத்தனையையும் வைத்துக்கொள்ள என் வீட்டிலும் இடமில்லை, தம்பி வீட்டிலும் இடமில்லை. எனவே எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யாராவது முடிவு செய்தே ஆக வேண்டியிருந்தது. ஒரு படத்தின் மதிப்பை அந்தப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதையும், அதன் நெகட்டிவைத் தேடிப் பார்த்த பிறகு நம் முடிவு அடியோடு மாறக்கூடும் என்பதையும் இந்த வேலையில்தான் தெரிந்துகொண்டேன்.

பெட்டிகளிலிருந்து எதையும் வெளியே எடுப்பதற்கு முன், ஒவ்வொரு பெட்டியையும் திறந்தபடியே மேலிருந்து கைபேசியில் படம் எடுத்தேன். பிறகு பெட்டிக்கு ஓர் எண், அதற்குள் இருக்கும் ஒவ்வோர் உறைக்கும் ஓர் எண் என்று பென்சிலால் குறித்தேன். ஆளுக்கு ஒரு குவியலாகப் பிரித்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று உறவினர் சிலர் சொன்னார்கள்; நான் அதற்கு இணங்கவில்லை. ஓர் உறைக்குள் சேர்ந்திருக்கும் படங்கள் பெரும்பாலும் ஒரே படச்சுருளிலிருந்து வந்தவை. அவற்றை முகம் பார்த்துப் பிரித்துவிட்டால், அவை ஒரே காலத்தில் எடுக்கப்பட்டவை என்ற செய்தி அழிந்துவிடும். அதை மீண்டும் உண்டாக்க வழியே இல்லை. படங்களின் பின்புறத்தில் நான் எதையும் எழுதவில்லை. பந்துமுனைப் பேனாவை அழுத்தி எழுதினால் அதன் தடம் படத்தின் முன்புறத்தில் புடைத்துத் தெரியும். பிற்காலத்துப் பிளாஸ்டிக் பூச்சுத் தாள்களிலோ பென்சில் சரியாகப் பிடிப்பதில்லை. ஆகவே குறிப்புகளை உறையின் மேல் எழுதி, அதன் பிறகே படத்தை உள்ளே வைத்தேன்.

ஒரு பெட்டியைத் திறந்தவுடன் வினிகரைப் போன்ற புளித்த நெடி வந்தது. பழைய அசிட்டேட் படச்சுருள்கள் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிப்படுகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துவதோடு அருகிலுள்ள நல்ல நெகட்டிவ்களையும் தாக்குகிறது. ஒவ்வோர் உறையாக முகர்ந்து பார்த்ததில், பிளாஸ்டிக் பையில் இறுக்கமாகச் சுற்றிவைத்திருந்த ஒரு கட்டிலிருந்துதான் நெடி வந்தது என்று தெரிந்தது. அதிலிருந்த துண்டுகளின் ஓரங்கள் அலை அலையாக நெளியத் தொடங்கியிருந்தன. சிதைவு முற்றினால் அடித்தளம் சுருங்கும். அதன் மேலுள்ள ஜெலட்டின் படலமோ அந்த அளவுக்குச் சுருங்காமல் மடிப்பு மடிப்பாக உரிந்துவிடும். அந்த நிலை வந்தபின் வீட்டிலிருக்கும் ஸ்கேனரால் எதையும் செய்ய முடியாது. அதனால் அந்தக் கட்டைத் தனி அறைக்கு மாற்றி, காற்றுப் போகும் காகித உறைகளில் இட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாக அதையே ஸ்கேன் செய்தேன். எது முக்கியமானது என்ற கேள்வியை விட, எது காத்திருக்காது என்ற கேள்விக்குத்தான் முதலில் விடை காண வேண்டியிருந்தது.

நெகட்டிவ்களைப் படிக்கப் பெரிய கருவிகள் எதுவும் தேவைப்படவில்லை. கைபேசித் திரையை முழு வெண்மையாக்கி, அதன் மேல் பால்நிறப் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைத்து, நெகட்டிவ் துண்டை ஓரங்களில் மட்டும் பிடித்து அதன் மேல் வைப்பேன். இன்னொரு கைபேசியில் நிறங்களைத் தலைகீழாக்கும் வசதியை இயக்கி, அதன் கேமரா வழியாகப் பார்த்தால் முகங்கள் தெளிவாகத் தெரியும். 35 மில்லிமீட்டர் சுருளின் ஓரத்தில், தயாரிக்கும்போதே பதிக்கப்பட்ட எண்கள் வரிசையாக இருக்கும். சுருளை நான்கு நான்கு படங்களாகவோ ஆறு ஆறு படங்களாகவோ வெட்டியிருந்தாலும் அந்த எண்களைக் கொண்டு துண்டுகளை மீண்டும் வரிசைப்படுத்தலாம். எழுத்துகளும் எண்களும் நேராகத் தெரியும்படி வைத்தால் பளபளப்பான பக்கம் நம்மை நோக்கியும், மங்கலான பக்கம் கீழேயும் இருக்கும். காட்சியும் இடவலம் மாறாமல் சரியாக அமையும். இப்படி வரிசைப்படுத்தியபோதுதான் அந்த உறைகள் எனக்கு ஒரு நாட்குறிப்பைப் போலத் தெரியத் தொடங்கின.

மூன்றாவது பெட்டியில், எந்த ஆல்பத்திலும் சேராமல், 8×10 அங்குல அளவில் பெரிதாக்கிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தனியாகக் கிடந்தது. ஒரு சுவரின் முன் மூன்று பெண்களும் ஒரு சிறுவனும் நிற்கிறார்கள். பின்புறத்தில் ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. எனக்கும் தம்பிக்கும் அவர்களில் ஒருவரையும் தெரியவில்லை. அடையாளம் தெரியாத மனிதர்களின் படங்களை விட்டுவிடலாம் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். அந்தக் கணக்கின்படி இது விடவேண்டிய படம். ஆனால் அப்பா பெரிதாக்கி வைத்திருந்த படங்கள் மிகச் சிலவே. தெரியாதவர்களுக்காக அவர் ஏன் அவ்வளவு பெரிய பிரதி எடுத்தார் என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்ததால், அதன் நெகட்டிவ் கிடைக்கும் வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தேன்.

அந்த நெகட்டிவ் வேறொரு பெட்டியின் உறையில் கிடைத்தது. ஆறு படங்கள் கொண்ட துண்டு அது. ஓரத்து எண்கள் 8 முதல் 13 வரை. எட்டாவது படத்தில் பிறந்து சில வாரங்களே ஆன தம்பி, அம்மாவின் மடியில் கிடக்கிறான். அவன் பிறந்தது 1974. ஒன்பதும் பத்தும் அந்தப் பெண்களின் படங்கள். பன்னிரண்டாவதில் எங்கள் பழைய வீட்டின் மாடிப்படி கைப்பிடிச் சுவர் இல்லாமல் பாதியில் நிற்கிறது. அந்த ஆண்டின் இறுதிக்குள் அது கட்டி முடிக்கப்பட்டது என்பது எங்கள் குடும்பத்தில் அனைவருக்கும் தெரியும். ஆக, தேதியே இல்லாத அந்தப் படம் 1974-இல் எடுக்கப்பட்டது என்பது, அதன் இருபுறமும் இருந்த படங்களைக் கொண்டே உறுதியாயிற்று.

அதை விட முக்கியமான செய்தி பத்தாவது படத்தின் வலது ஓரத்தில் இருந்தது. 35 மில்லிமீட்டர் நெகட்டிவில் ஒரு படம் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அதன் முழு உயரத்தையும் 8 அங்குலமாகப் பெரிதாக்கினால், 10 அங்குலத் தாளில் அகலத்தின் 30 மில்லிமீட்டர் மட்டுமே இடம்பெறும்; மீதி 6 மில்லிமீட்டர், அதாவது ஆறில் ஒரு பங்கு, தாளுக்கு வெளியே போய்விடும். பெரிதாக்கியவர் பெண்களை நடுவில் கொண்டுவருவதற்காக வலது ஓரத்தை விட்டிருக்கிறார். விடுபட்ட அந்தப் பகுதியில் ஒரு தகரப் பெட்டியின் மேல் ஒருவர் அமர்ந்திருந்தார்.

ஸ்கேன் செய்து அத்தைக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அவரே அழைத்தார். “அது உன் பெரியப்பாதானம்மா. அவர் வேலை மாற்றலாகிப் போன அன்று எடுத்த படம் அது. நிற்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், வழியனுப்ப வந்திருந்தார்கள். தங்களுக்கு ஒரு பெரிய படம் வேண்டும் என்று உன் அப்பாவிடம் கேட்டிருந்தார்கள்” என்றார். அவர்களுக்குக் கொடுத்தது போக, கூடுதலாக எடுத்த ஒரு பிரதிதான் எங்கள் பெட்டியில் தங்கியிருக்க வேண்டும். பெரியப்பா இளமையில் இருந்த வேறு படம் எதுவும் எங்கள் குடும்பத்தில் யாரிடமும் இல்லை. அந்தப் பெரிய படத்தையும் நெகட்டிவையும் ஒரே எண்ணிட்டு வைத்துக்கொண்டேன். அத்தை சொன்னதை அவருடைய சொற்களிலேயே உறையின் மேல் எழுதி, சொன்னவர் யார் என்பதையும் சேர்த்துக் குறித்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு படத்தையும் எடுக்கும்போது, இதிலுள்ள செய்தி வேறெங்காவது இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினேன். நெகட்டிவ் இல்லாத கறுப்பு வெள்ளைப் படம் எவ்வளவு மங்கியிருந்தாலும் வைத்துக்கொண்டேன், ஏனெனில் அது ஒன்றுதான் இருக்கிறது. செம்மை படிந்து நிறம் மாறிய வண்ணப் படங்களுக்கு நெகட்டிவ் நல்ல நிலையில் இருந்தால், நெகட்டிவை வைத்துக்கொண்டு படத்தை விட்டேன். ஒரே படத்துக்குப் பல பிரதிகள் இருந்தபோது, பின்னால் அப்பாவின் கையெழுத்து இருப்பதை, அது மற்றவற்றை விட மோசமாக இருந்தாலும், தேர்ந்தெடுத்தேன். ஆட்களே இல்லாத மலைகள், அருவிகள், சூரிய அஸ்தமனங்கள் ஆகியவற்றில் பெரும்பகுதியை விட்டேன். அப்பாவுக்கு அவை பிடித்திருந்தன என்பதால் அது எளிதாக இல்லை. அவர் தாமே ஆல்பத்தில் ஒட்டி வைத்தவற்றை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டேன், அந்தத் தேர்வு அவருடையது.

ஒட்டும் பசை பூசிய பக்கங்களும், மேலே பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்கள்தான் அதிகத் தொல்லை தந்தன. அந்தப் பசை காலப்போக்கில் மஞ்சளாகி, படத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. முதலில் பக்கத்தை முழுவதுமாகப் படம் எடுத்துவிட்டு, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு பூசாத நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் நுழைத்து, அறுப்பது போல மெதுவாக இழுத்தேன். மூலையைப் பிடித்துத் தூக்கினால் படம் வளைந்து, மேற்பரப்பில் வெடிப்பு விழும். நூலுக்கும் அசையாதவற்றை அந்தப் பக்கத்தோடே கத்தரித்து எடுத்து வைத்தேன்.

வைத்துக்கொண்டவற்றைப் பாலிப்ராப்பிலீன் உறைகளிலும் அமிலமற்ற காகித உறைகளிலும் மாற்றினேன். பி.வி.சி. உறைகளை வாங்கவில்லை, அவை நாளடைவில் அமிலத் தன்மையுள்ள வாயுவை வெளியிட்டுப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவிலும், நெகட்டிவ்களை 3200 என்ற அளவிலும் ஸ்கேன் செய்தேன். பின்னதில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 3000 × 4500 புள்ளிகள் கிடைக்கின்றன, 8×10 அங்குலத்துக்கு மீண்டும் பெரிதாக்க அது தாராளமாகப் போதும். கோப்பின் பெயராகப் பெட்டி எண், உறை எண், ஓரத்து எண் ஆகியவற்றையே வைத்தேன். ஒரு தொகுப்பு என்னிடமும், ஒன்று தம்பியிடமும், மூன்றாவது இணையச் சேமிப்பிலும் இருக்கின்றன.

அப்பாவின் அலுவலக நண்பர்களின் படங்கள் மட்டும் ஒரு சிறு பெட்டியில் தனியாக உள்ளன. அவை அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் சேர வேண்டும் என்று நினைக்கிறேன். பணி ஓய்வு விழாக் குழுப்படத்தின் பின்னால், அவர்கள் நின்ற வரிசைப்படி எல்லாருடைய பெயர்களையும் அப்பா எழுதி வைத்திருப்பதால், அந்தப் பட்டியலைக் கொண்டு ஒவ்வொருவரின் வீட்டாரையும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இருவருடைய வீட்டாருக்குப் படங்களை அனுப்பிவிட்டேன்.