காய்ச்சலைப் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை

நீட் பிஜி முடிவு வந்து மூன்று நாள் ஆகிறது. இரண்டாவது முயற்சியில் நினைத்த பிராஞ்ச் கிடைக்கும் ரேங்க் வந்துவிட்டது. இன்னும் நெஞ்சு படபடக்கிறது. எப்படிப் படித்தேன் என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை. மாதிரித் தேர்வுகளில் மூன்று முறை நான் தப்பாகப் போட்ட ஒரே இடத்தை மட்டும் எழுதுகிறேன்: செரோடோனின் சிண்ட்ரோமும் என்எம்எஸ்ஸும்.

மூன்று முறையும் தப்பு ஒன்றேதான். காய்ச்சல், விறைப்பு, வியர்வை, குழப்பம், மருந்துப் பட்டியலில் ஒரு ஆன்டிசைக்காடிக். இவ்வளவும் கண்ணில் பட்டதும் என்எம்எஸ் என்று முடிவுகட்டி புரோமோகிரிப்டினைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு முறையும் வரவேண்டிய நாலும் போய், நெகட்டிவில் ஒன்றும் போனது. இத்தனைக்கும் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது இதை நேரில் பார்த்தவள் நான்.

அந்த நோயாளிக்கு ஐம்பது வயதுக்கு மேல். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். மனநலத்துக்காக ரிஸ்பெரிடோனும் செர்ட்ராலினும் இரண்டு வருடமாக ஒரே அளவில் போய்க்கொண்டிருந்தன. புண்ணுக்காக அன்று காலை லினிசோலிட் தொடங்கினார்கள், இரவு ஒன்பதுக்கு இரண்டாவது டோஸ். அதிகாலை இரண்டு மணிக்கு சிஸ்டர் கூப்பிட்டார். ஆள் படுக்கையில் இருக்க முடியாமல் புரள்கிறார், சட்டை நனைந்துவிட்டது, காய்ச்சல் 38.9. ரிஸ்பெரிடோனைப் பார்த்துவிட்டு, "என்எம்எஸ்ஸாக்கா?" என்றேன். பிஜி அக்கா பதில் சொல்லாமல் போர்வையை விலக்கி, முழங்காலை லேசாக மடக்கிப் பிடித்து, பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கித் தள்ளி அப்படியே வைத்திருந்தார். பாதம் தட் தட் தட் என்று துடித்துக்கொண்டே இருந்தது. "எண்ணும்மா" என்றார். பன்னிரண்டு வரை எண்ணினேன், நிற்கவில்லை. அதுதான் குளோனஸ்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. கண்மணி விரிந்திருந்தது. வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் கடமுடவென்று சத்தம். கையைவிடக் காலில் விறைப்பு அதிகம். லினிசோலிட் ஆன்டிபயாட்டிக்தான், ஆனால் மோனோஅமைன் ஆக்சிடேஸையும் கொஞ்சம் தடுக்கும். செர்ட்ராலின் சேர்த்து வைத்த செரோடோனின் உடைபட வழியில்லாமல் போனது. ஹண்டர் அளவுகோலின்படி, செரோடோனினைக் கூட்டும் மருந்து எடுத்தவருக்குத் தூண்டினால் வரும் குளோனஸும், அதோடு பதற்றமோ வியர்வையோ இருந்தால் போதும். இவருக்கு இரண்டுமே இருந்தன.

என்எம்எஸ்ஸின் வேகமே வேறு. ஹாலோபெரிடோலோ ஃப்ளூஃபெனசின் ஊசியோ தொடங்கி, அல்லது டோஸ் கூட்டி, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வரும். ஒன்றிரண்டு நாளில் மெல்ல முற்றும். டோபமின் அடைபடுவதால் உடம்பு ஈயக்குழாய் போல் இறுகும். கையை மடக்கினால் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே எதிர்ப்பு. ரிஃப்ளெக்ஸ் மந்தம், நோயாளி பேசாமல் கிடப்பார், வயிறும் அமைதி. சிகே பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் ஏறும். ஆனால் கடுமையான செரோடோனின் சிண்ட்ரோமிலும் சிகே ஏறலாம், அதனால் அதை மட்டும் நம்பி விடை போடாதீர்கள்.

ஆன்டிசைக்காடிக் இல்லாமலும் என்எம்எஸ் வரும்: வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைட், பார்கின்சன் நோயாளிக்கு லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது.

நான் கடைசி மாதம் கேள்வியைப் படித்த வரிசை:

1. கடைசியாகச் சேர்த்த மருந்து எது? பழைய மருந்தைக் கண்டு ஏமாறாதீர்கள்.
2. எத்தனை மணி நேரம், அல்லது எத்தனை நாள்? செரோடோனின் என்றால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள்.
3. கால்: குளோனஸ், ரிஃப்ளெக்ஸ்.
4. காய்ச்சல் கடைசியில்.

ஒரு பொறி உண்டு. செரோடோனின் சிண்ட்ரோம் முற்றி விறைப்பு அதிகமானால் குளோனஸ் மறைந்துவிடும். அப்போது முதல் இரண்டு கேள்விகள்தான் காப்பாற்றும்.

தூண்டும் மருந்துகளில் நான் விட்டுவிட்டவை டிரமடால், பெத்திடின், இருமல் மருந்தில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், மெத்திலீன் ப்ளூ.

அந்த இரவு லினிசோலிட், செர்ட்ராலின் இரண்டையும் நிறுத்தி, லோரசெபம் ஊசி போட்டு, ஈரத்துணியும் மின்விசிறியுமாக உடம்பைக் குளிர்வித்தோம். பாராசிட்டமால் போடவா என்று கேட்டேன். "சூடு தசையிலிருந்து வருது, அது கேட்காது" என்றார் அக்கா. சைப்ரோஹெப்டடின் ஊசியாகக் கிடையாது. பசி எடுக்கக் கொடுக்கிறோமே, அதே மாத்திரையைப் பொடித்து 12 மில்லிகிராம் ரைல்ஸ் ட்யூப் வழியாகக் கொடுத்தோம். புரோமோகிரிப்டின் கொடுத்திருந்தால் செரோடோனின் இன்னும் தூண்டப்பட்டு நிலைமை மோசமாகியிருக்கும். மறுநாள் மாலை அவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். என்எம்எஸ்ஸாக இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகியிருக்கும்.

இன்னொன்று. செர்ட்ராலினுக்குப் பதில் ஃப்ளூவாக்ஸெட்டின் என்று வந்தால், அது உடம்பில் வெகுநாள் தங்கும். நிறுத்திய பிறகு எம்ஏஓ தடுப்பான் தொடங்க ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும்.