கயிறும் ஒரு ஆள்தான்

ஆபீசில் ஒரு சர்வே. யார் யார் எதில் ஏறி வேலைக்கு வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். வாசலில் ஆள் நிறுத்தி, வருகிறவர்களைக் கேட்டு, அட்டையில் செருகிய ஒரே தாளில் கோடு போட்டு முடித்துவிட்டார்கள். தாளை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிய நண்பர், அனுப்பிய கையோடு லீவில் போய்விட்டார். "எதில் எத்தனை பேர்னு நிகழ்வெண் பட்டியல் போட்டு, சதவீதமும் சேர்த்து நாளைக்குக் குடுத்துடுங்க" என்றார் மேலாளர். கோடு எண்ணுகிற வேலைதானே, பத்து நிமிஷம் போதும் என்று நினைத்தேன்.

போட்டோ மங்கலாக இருந்தது. தாளின் மேல் எடுத்தவரின் தலை நிழல் வேறு. போனில் இருக்கும் ஸ்கேன் வசதியில் போட்டு, பளிச்சென்று கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொண்டேன். ரொம்ப அழகாக வந்தது. நான் செய்த முதல் தப்பு அதுதான் என்று மறுநாள்தான் தெரிந்தது.

எண்ண ஆரம்பித்தால் பஸ் வரிசையில் ஒரு தடவை 43 வந்தது, இன்னொரு தடவை 47 வந்தது. கோடு கோடாக எண்ணினால் கண் எங்காவது வழுக்கத்தான் செய்யும். அதனால் முறையை மாற்றினேன். நான்கு கோடு நிற்க, ஐந்தாவது குறுக்கே போனால் ஒரு கட்டு. போட்டோவைப் பெரிதாக்கி, எண்ணி முடித்த ஒவ்வொரு கட்டின் தலையிலும் விரலால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். கட்டுகள் எத்தனை என்று தனியாக, உதிரிக் கோடுகள் எத்தனை என்று தனியாகக் குறித்துக்கொண்டேன். பஸ்ஸுக்கு 8 கட்டு, 5 உதிரி. எட்டைந்து நாற்பது, உதிரி ஐந்து, ஆக 45. இப்படியே ஆறு வரிசையும் முடித்துக் கூட்டினால் 135.

சதவீதம் போடுவது எளிது. எக்செலில் B2 முதல் B7 வரை எண்ணிக்கை, B8-இல் மொத்தம். முதல் வரிசையில் இதை எழுதிக் கீழே இழுத்துவிட்டேன்:

```
=B2/B$8
```

எட்டுக்கு முன்னால் இருக்கும் அந்த டாலர் குறியை மறந்தால், இழுக்க இழுக்க வகுக்கும் எண்ணும் கீழே நகர்ந்து போகும். மறக்கவில்லை. சதவீத வடிவத்தில் முழு எண்ணாகக் காட்டச் சொன்னேன். 33, 28, 16, 10, 8, 4. கூட்டினால் 99.

"ஒண்ணு எங்கே போச்சு?" என்றார் மேலாளர்.

"சார், ஒவ்வொண்ணையும் தனித்தனியா முழு எண்ணாக்கும்போது அப்படித்தான் ஆகும்" என்றேன். அவர் நம்பவில்லை. "மொத்தம் எத்தனை பேரைக் கேட்டாங்க?"

நியாயமான கேள்வி. கேட்டவர்களிடம் வரிசை எண் போட்டுக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். கடைசிக் கையெழுத்தின் எண் 143.

என்னிடம் 135. எட்டு பேரைக் காணோம்.

சதவீதத்தை மட்டும் பார்த்திருந்தால் இது கடைசி வரை தெரிந்திருக்காது. எதை எண்ணினாலும், எப்படி எண்ணினாலும், அதை அதன் மொத்தத்தாலேயே வகுத்தால் நூறுக்குப் பக்கத்தில்தான் வரும். எண்ணியது சரியா தப்பா என்று அது சொல்லாது. வெளியிலிருந்து ஒரு எண் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அந்தக் கையெழுத்துத் தாள் எனக்கு அப்படி வந்த சாட்சி.

மறுபடி எண்ணினேன். 135. இன்னொரு முறையும் 135. தப்பு என் எண்ணிக்கையில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வந்திருக்கும். ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அது தாளிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது. பளிச்சென்று ஆக்குவதற்கு முந்தைய அசல் போட்டோவைத் திறந்தேன். பாதிக் கோடுகள் நீல மையில் இருந்தன, பாதி கறுப்பு மையில். நான் அழகாக்கியபோது இரண்டும் ஒரே கறுப்பாகிவிட்டன. அதாவது எண்ணியது இரண்டு பேர். காலையில் நண்பர், மதியத்துக்கு மேல் பக்கத்து பிரிவு அக்கா.

கறுப்புக் கட்டு ஒன்றைத் திரை முழுவதும் பெரிதாக்கினேன். நிற்கிற கோடு நான்கு இல்லை, ஐந்து! அதன் மேல் ஒரு குறுக்குக் கோடு. கட்டு என்பதே எண்ணாமல் பார்ப்பதற்காகத்தானே, குறுக்குக் கோட்டைப் பார்த்ததும் கண் "அஞ்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. உள்ளே எத்தனை நிற்கிறது என்று நான் ஒரு கட்டில்கூடப் பார்க்கவில்லை.

கறுப்புக் கட்டுகள் மொத்தம் எட்டு. காணாமல் போனவர்களும் எட்டு பேர்.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. அக்கா ஐந்து ஆளை நிறுத்திவிட்டு, குறுக்குக் கோட்டைச் சும்மா கட்டுக்கயிறாகப் போட்டிருந்தால் கட்டு ஐந்துதான். எட்டுக்கு எட்டு பொருந்தியது தற்செயலாகவும் இருக்கலாம். அதைத் தீர்த்துவைத்தது கார் வரிசை. அங்கே கறுப்பு மையில் ஐந்து கோடுகள் குறுக்குக் கோடில்லாமல் சும்மா நின்றுகொண்டிருந்தன. குறுக்குக் கோடு வெறும் கயிறு என்றால் ஐந்தாவது ஆள் வந்ததுமே கட்டியிருப்பார். ஆறாவது ஆளுக்காகக் காத்திருந்ததால்தான் அவை கட்டப்படாமல் நிற்கின்றன.

இருந்தாலும் சாயங்காலம் போனில் கேட்டுவிட்டேன். "அக்கா, நீங்க ஒரு கட்டுக்கு எத்தனை வச்சீங்க?"

"ஆறு. அஞ்சு பேர் நிப்பாங்க, ஆறாவது ஆள் வந்து கட்டுவாரு. ஏன்பா, கயிறும் ஒரு ஆள்தானே?"

அவர் கணக்கில் தப்பே இல்லை. ஒரே தாளில் இரண்டு முறை கலந்ததுதான் வில்லங்கம். நீலக் கட்டை ஐந்தால் பெருக்கினேன், கறுப்புக் கட்டை ஆறால் பெருக்கினேன். உதிரிகளைச் சேர்த்தேன். பஸ்ஸுக்கு நீலம் 5 கட்டு 3 உதிரி, 28. கறுப்பு 3 கட்டு 2 உதிரி, 20. ஆக 48. மற்றதும் அப்படியே.

| வருவது எதில் | நிகழ்வெண் | சதவீதம் |
|---|---|---|
| பஸ் | 48 | 34 |
| டூவீலர் | 41 | 29 |
| ரயில் | 23 | 16 |
| நடை | 14 | 10 |
| கார் | 11 | 8 |
| சைக்கிள் | 6 | 4 |
| மொத்தம் | 143 | |

மொத்தம் 143. கையெழுத்துத் தாளோடு அச்சாகப் பொருந்தியது. எட்டு பேர் திரும்பி வந்தும் எந்தச் சதவீதமும் ஒன்றுக்கு மேல் நகரவில்லை, ஆறில் நான்கு நகரவே இல்லை. கோடு எண்ணுவதில் நடக்கும் தப்புகள் இப்படித்தான் சதவீதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. அதனால்தான் நிகழ்வெண் பத்தியை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

மேலாளர் கால்குலேட்டரை எடுத்தார். சதவீதப் பத்தியைக் கூட்டினார். 101.

"தப்பா இருந்தப்ப ஒண்ணு குறைஞ்சது. சரியானதும் ஒண்ணு ஏறிடுச்சா?"

பஸ் 33.57, அதை 34 ஆக்கினோம். டூவீலர் 28.67, அதை 29 ஆக்கினோம். நடையும் காரும்கூட மேலே ஏறின, கீழே இறங்கியது ரயிலும் சைக்கிளும் மட்டும்தான், அதுவும் கொஞ்சூண்டு என்று வரி வரியாகக் காட்டினேன். ஒரு தசம இடம் வைத்துக் காட்டினால் 100.1 வரும் என்றும் சொன்னேன். அவர் முகம் இன்னும் வாடியது.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "பஸ்லதான் கூட்டம் அதிகமா இருக்கு. அதுலேர்ந்து ஒண்ணை இறக்கி விட்டுடுங்களேன்."

இறக்கவில்லை. பட்டியலுக்கு அடியில் சின்ன எழுத்தில், "முழு எண்ணாக்கியதால் சதவீதங்களின் கூட்டுத்தொகை 100 ஆக வராமல் இருக்கலாம்" என்று ஒரு வரி போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, பேனாவை எடுத்து, "இருக்கலாம்" என்பதை அடித்து "இருக்கிறது" என்று திருத்தினார்.