அடுக்களைக் கதவுக்குப் பின்னால்

ஜூன் 2, 2025

நான் செய்த ஆப்புக்கு முதல் டீசர் போட்டாச்சு. ஒரே படம்: எங்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் மாதக் காலண்டரின் மே மாதத் தாள். கட்டங்களுக்குள் அம்மாவின் பென்சிலில் 1, 1, 1½, இரண்டு இடத்தில் வெறும் பெருக்கல் குறி. "இது என்ன கணக்கு?" என்று மட்டும் கேட்டேன். என்ன ஆப் என்று இங்கேயும் இப்போது சொல்வதாக இல்லை.

லிங்க் எங்கே என்கிறார்கள். கொடுக்க வழியில்லை. ப்ளே ஸ்டோரில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்கியவர், குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்த பிறகுதான் வெளியிட அனுமதியே கேட்கலாம். அதுவரை முன்பதிவும் திறக்காது. எனக்குச் சோதனை இன்றுதான் தொடங்கியது.

ஜூன் 5

மாத்திரைக் கணக்கு, தண்ணி லாரி, கரண்ட் கட் என்று என்னென்னவோ ஊகங்கள். ஒரு அக்கா மட்டும், "அந்த ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டீங்களா?" என்று கேட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் மாதிரி ஆட்களுக்குத்தான் இந்த ஆப்.

ஜூன் 10

சோதனையிலிருந்து இரண்டு பேர் விலகிவிட்டார்கள். நல்லவேளை, 16 பேரைச் சேர்த்திருந்தேன். சரியாகப் பன்னிரண்டோடு நின்றிருந்தால் இன்று பத்துதான் இருந்திருக்கும்.

இரண்டாவது டீசரில் சொதப்பினேன். விடியற்காலை, சைக்கிள் மணி, பாத்திர மூடி திறக்கும் சத்தம். பத்து நொடி வீடியோ. அழகாகத்தான் வந்தது. ஆனால் உடனே, "எங்க ஏரியாவுக்குப் பால் டெலிவரி உண்டா?" என்று கேள்விகள். இல்லையே! டெலிவரி என்று நம்பி இறக்குகிறவர் ஏமாந்துபோய் ஒற்றை நட்சத்திரம்தான் கொடுப்பார். வீடியோவை எடுத்துவிட்டேன்.

ஜூன் 23

17ஆம் தேதி கேட்ட அனுமதி இன்று வந்தது. முன்பதிவைத் திறந்து, மூன்றாவது டீசரோடு முதன்முறையாக லிங்க்கும் கொடுத்தேன். இந்தத் தடவை அதே மே மாதத்தை ஒரு கணக்காகப் போட்டேன்:

"தினம் 1 லிட்டர். 31 நாளில் 2 நாள் வாங்கவில்லை. 4 நாள் அரை லிட்டர் கூடுதல். லிட்டர் 60 ரூபாய். பால்காரர் 1,920 என்கிறார். சரியா?"

29 லிட்டரும் கூடுதல் 2 லிட்டரும் சேர்த்து 31. அதாவது 1,860 ரூபாய். அறுபது ரூபாய் இடிக்கிறது. டெலிவரி பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவரவர் வீட்டுச் சண்டையைத்தான் எழுதுகிறார்கள்.

ஜூன் 29

தேதியை இன்றுதான் அறிவித்தேன்: ஜூலை 1. பால் கணக்கு மாதப் பிறப்பில்தானே தொடங்கும். முன்பே சொல்லாததற்குக் காரணம் ஆப்பின் பரிசீலனை. அது எத்தனை நாள் இழுக்கும் என்று நம் கையில் இல்லை. நேற்று ஒப்புதல் வந்துவிட்டது. மேனேஜ்டு பப்ளிஷிங் போட்டு வைத்திருப்பதால் நான் அழுத்தும்வரை வெளியே வராது.

ஜூன் 30, இரவு

அழுத்திவிட்டேன். ஸ்டோரில் தெரியச் சில மணி நேரம் ஆகலாம். காலண்டரில் ஜூலைத் தாளைத் திருப்பி நாலாவது டீசருக்குப் படம் எடுக்கப் போனேன். அம்மா விடவில்லை. பால்காரருக்குக் காசு கொடுத்த பிறகுதான் ஜூனைத் திருப்ப வேண்டுமாம்.