38-க்கு 38 பொருந்தாது: சைஸ் சார்ட்டோடு மல்லுக்கட்டியது

ஆன்லைனில் டாப் விற்கிறேன். திரும்பி வந்த பார்சல் எதைப் பிரித்தாலும் காரணம் ஒரே வரிதான்: ‘சைஸ் சரியில்லை’. இறுக்கமா, தொளதொளவென்று இருக்கிறதா, எந்த இடத்தில்? ஒன்றும் தெரியாது. போகிற கூரியர் செலவும் நம் தலையில், வருகிற செலவும் நம் தலையில்.

அதிகம் திரும்பியது ஒரு காட்டன் டாப், எம் சைஸ். இழுத்தால் நீளாத துணி. சப்ளையர் தந்த சார்ட்டில் எம் என்றால் மார்பு 38 இன்ச். அது உடம்பின் அளவா, டாப்பின் அளவா என்று எங்கேயும் போடவில்லை. போனில் ஒருவர் “பாடி அளவுதான்” என்றார். மறுபடி கேட்டால் இன்னொருவர் “இல்ல மேடம், கார்மென்ட் அளவு” என்றார். எழுதிக் கொடுங்கள் என்றதும், “எல்லாக் கடைக்கும் இதே சார்ட்தான் போகுது” என்று வைத்துவிட்டார்.

டாப்பையே மேஜையில் விரித்து, சுருக்கம் நீவி, அக்குளுக்கு ஒரு இன்ச் கீழே ஓரத்துக்கு ஓரம் டேப் பிடித்தேன். 19 இன்ச். முன்னும் பின்னும் சேர்த்தால் 38. ஆக, சார்ட்டில் இருந்தது டாப்பின் அளவு. 38 மார்புள்ளவர் அதை நம்பி எம் வாங்கினால் மூச்சு விட இடமிருக்காது. இப்படிப்பட்ட துணிக்குக் குறைந்தது 2 இன்ச் லூஸ் வேண்டும், 3 இருந்தால் நிம்மதி.

அதனால் சார்ட்டில் இரண்டு வரிசை வைத்தேன்: ‘உங்கள் மார்பளவு 35–36’, ‘டாப்பின் சுற்றளவு 38’. கூடவே ஒரு குறிப்பு: ‘உங்களுக்கு நன்றாகப் பொருந்தும், இழுபடாத துணி டாப் ஒன்றை விரித்து அளந்து ஒப்பிடுங்கள்.’ தன் உடம்பைத் தானே அளக்கும்போது டேப் முதுகுப் பக்கம் இறங்கிவிடும். விரித்த துணியில் அந்த வம்பு இல்லை.

ரிட்டர்ன் படிவத்தையும் மாற்றி, ‘எங்கே இறுக்கம்? மார்பு, தோள், மேல்கை, இடுப்பு’ என்று கேட்டேன். மார்புப் புகார் அடங்கியது. ஆனால் மேல்கை, மேல்கை என்றே வந்தது! சார்ட்டில் அப்படி ஒரு அளவே கிடையாது. டாப்பின் மேல்கையை விரித்து அளந்தால் 6 இன்ச், சுற்றளவு 12. கைக்காக ஒரு சைஸ் ஏற்றி வாங்கியவர்களுக்குத் தோள் தொங்கியது, அதுவும் திரும்பியது. ‘மேல்கை 11 இன்ச்சுக்கு மேல் என்றால் எம் இறுக்கிப் பிடிக்கும்’ என்று போட்டுவிட்டேன். சில ஆர்டர் போயிருக்கும், போகட்டும்; இரண்டு சைஸ் வாங்கி ஒன்றைத் திருப்புவதும் குறைந்தது.

அடுத்த லாட்டில் அதே எம் விரித்த அளவில் 18½ தான். சுற்றில் ஒரு இன்ச் காணோம். “அரை இன்ச் முன்னப்பின்ன இருக்கும்” என்கிறார் சப்ளையர். இப்போது லாட் வந்ததும் ஒவ்வொரு சைஸிலும் சில பீஸை அளந்த பிறகுதான் விற்பனைக்கு ஏற்றுகிறேன். பனியன் துணிக்கு இந்தச் சார்ட்டை வைக்காதீர்கள். அது இழுபடும், உடம்பளவை விடச் சிறிதாகவே தைப்பதும் உண்டு.