ஓடு கட்டப் பொருள் குறையும் கடல்

கடல் அமிலமாகிறது என்றதும், மண்டபத்திலும் பாம்பனிலும் உள்ள நண்பர்கள் பலர் சிப்பியின் ஓடு தண்ணீரில் கரைந்துபோவதாக எண்ணுகிறார்கள். ஆனால் சிக்கல் பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே, ஓட்டைக் கட்டும் பொருள் குறையும்போதே தொடங்கிவிடுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கடல்நீரில் கரைந்து கார்போனிக் அமிலமாகிறது. அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனிகள் நீரிலுள்ள கார்பனேட்டுடன் சேர்ந்து அதைப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகின்றன. ஓட்டுக்குத் தேவையான கால்சியம் கடலில் தாராளமாக உண்டு. அதனுடன் இணைய வேண்டிய கார்பனேட்தான் குறைகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பி.எச். இன்று 8.1 அளவில் உள்ளது. கடல் இன்னும் காரத்தன்மை கொண்டதே என்றாலும், இந்தச் சிறு இறக்கத்துக்குள் ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ கால் பங்கு கூடியிருக்கின்றன.

முதலில் அடிபடுவது சிப்பிக் குஞ்சுதான். பிறந்து ஓரிரு நாட்களுக்குள், முட்டையில் மிஞ்சிய சத்தை மட்டுமே கொண்டு அது தன் முதல் ஓட்டைக் கட்டி முடிக்க வேண்டும். கார்பனேட் குறைந்தால் அச்சத்து பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் கரையிலுள்ள விஸ்கி கிரீக் சிப்பிப் பொரிப்பகத்தில் 2007 வாக்கில் குஞ்சுகள் கூட்டமாக மடிந்தன. கரியமில வாயு மிகுந்த ஆழ்நீர் மேலெழும் நாட்களே காரணம் எனத் தெரிந்து, தொட்டி நீரில் சோடியம் கார்பனேட் கலந்த பின்னரே உற்பத்தி மீண்டது.

மன்னார் வளைகுடாவில் அவ்வாறு கலக்க வழியில்லை. இங்குள்ள பவள உயிர்கள் கூடு கட்டும் இடத்திலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை இடைவிடாமல் வெளியே தள்ளியாக வேண்டும். அதற்கான சக்தியில் பெரும்பகுதி அவற்றுள் வாழும் நுண்பாசியிடமிருந்து வருகிறது. 2016இல் நேர்ந்ததுபோல் வெப்பத்தால் அந்தப் பாசி நீங்கிப் பவளம் வெளுக்கும்போது, செலவு கூடிய அதே வேளையில் வரவும் நின்றுவிடுகிறது.