மகனுக்கு எந்தக் 'க'? மலையாள எழுத்தறிவுத் தேர்வுக்கு நான் தயாரான அனுபவம்

பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்புவரை படித்தேன். பத்தொன்பது வயதில் திருமணமாகி, பாலக்காடு மாவட்டம் சிற்றூர் தாலுகாவில் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஊரில் வீட்டிலும் கடையிலும் தமிழே பேசுவார்கள் என்பதால், மலையாளம் பேசினால் புரிந்துகொள்ளவும் ஓரளவு பதில் சொல்லவும் எனக்குத் தெரிந்திருந்ததே தவிர, ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. கேரள அரசின் மகளிர் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம் என்னும் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள் குழுவில் செயலாளர் பொறுப்பு முறைவைத்து என்னிடம் வந்தபோதுதான் அது பெரிய குறையாகத் தெரிந்தது. எங்கள் குழுவின் மினிட்ஸ் நோட்டு முழுக்க மலையாளத்தில் இருந்தது. அத்தனை ஆண்டுகளாக என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அதில் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன். அந்த வாரமே, கேரளத்தின் எழுத்தறிவு இயக்கமான சாக்ஷரதா மிஷன் நடத்தும் தொடர்வித்யா கேந்திரம் என்ற கல்வி மையத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்தேன்.

அங்கே சொல்லிக்கொடுப்பவரைப் பிரேரக் என்பார்கள். நாங்கள் டீச்சர் என்றே கூப்பிட்டோம். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னைச் சேச்சி என்றே அழைப்பார். தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு நடக்கும் என்றும், வாசிப்புக்கு 30, எழுதுவதற்கு 40, கணக்குக்கு 30 என்றும் முதல் நாளே சொன்னார். கணக்கு எனக்குப் பயம் தரவில்லை; எண்கள் நாம் எழுதும் அதே எண்கள்தான், கறவைக் கணக்கும் சீட்டுக் கணக்கும் பார்த்த கை. 2018இல் தன் 96ஆம் வயதில் இதே மிஷனின் தேர்வை எழுதி 98 மதிப்பெண் வாங்கிய ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மாவுக்கும் குறைந்த இரண்டு மதிப்பெண்கள் எழுதும் பகுதியில்தான் குறைந்தன என்று டீச்சர் சொன்னதை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

எழுத்து வடிவங்களைப் பிடிப்பது நான் நினைத்ததைவிட எளிதாக இருந்தது. கொம்பும் காலும் போடும் முறை தமிழைப் போலத்தான்: 'கொ' என்று எழுத அங்கேயும் எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். சொல்லின் கடைசியில் வரும் 'ம்' ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். 'ற' கவிழ்த்து வைத்த லாடம் போல இருக்கும். ப, வ, ச மூன்றும்தான் என்னைப் பல நாள் சுற்றவிட்டன. மூன்றுக்கும் தட்டையான ஓர் அடிக்கோடு உண்டு; இடது பக்கத்துச் சுழியைப் பார்த்துத்தான் எது எது என்று பிரிக்க வேண்டும். வாசலில் கோலம் போடும் கைக்கு இந்தச் சுழிகள் சீக்கிரம் வந்துவிட்டன.

சிக்கல் ஒலியில் தொடங்கியது. தமிழில் க, ச, ட, த, ப என்று 5 எழுத்துகள் இருக்கும் இடத்தில் மலையாளத்தில் 20 எழுத்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு, அவற்றைக் கரம், அதிகரம், மிருது, கோஷம் என்று வரிசையாகச் சொல்வார்கள். டீச்சர் ஒரு துண்டுத் தாளை என் வாய்க்கு முன்னால் பிடித்து முதல் 'க'வைச் சொல்லச் சொன்னார்; தாள் அசையவில்லை. இரண்டாவது 'க'வை மூச்சோடு தள்ளிச் சொன்னபோது தாள் படபடத்தது. மூன்றாவதற்குத் தொண்டையில் விரலை வைத்துக்கொள்ளச் சொன்னார். விரலுக்கு அடியில் அதிர்வு தெரிந்தது. நான்காவதில் அதிர்வும் இருந்தது, மூச்சும் வந்தது. நாம் 'கங்கை' என்று சொல்லும்போது முதலிலும் நடுவிலும் வருவது அந்த மூன்றாவது ஒலிதான் என்றும், தமிழில் எழுத்து ஒன்றாக இருந்தாலும் நாக்கு இடம் பார்த்து மாற்றிக்கொள்கிறது என்றும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இருபதையும் ஒரு மாதத்தில் பிழையில்லாமல் எழுதினேன். இனி காதில் கேட்பதை அந்தந்த எழுத்தில் எழுதிவிடலாம் என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கையோடு எழுதிய முதல் கேட்டெழுத்தில் பத்துச் சொற்களில் ஆறு தவறின. 'மகன்' என்ற சொல்லில் நடுவில் என் காதுக்கு மென்மையான ஒலி கேட்டதால் மிருது 'க'வைப் போட்டேன். 'வண்டி', 'கட', 'வீடு' மூன்றிலும் அப்படியே மிருது 'ட'வைப் போட்டேன். மாங்காய்க்கு அவர்கள் 'மாங்ங' என்பார்கள். நான் பழக்கத்தில் ங்-க என்று பிரித்து எழுதினேன். 'முகம்' என்பதற்கும் மிருதுவே போட்டேன். டீச்சர் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. என் நோட்டின் மறுபக்கத்தில் மகன், வண்டி, கடை, வீடு என்ற நான்கையும் தமிழில் எழுதச் சொன்னார். எழுதினேன். அதற்கு நேரே மலையாளத்தில் அதே சொற்களை எழுதிக் காட்டினார். நான்கிலும் தமிழில் க இருந்த இடத்தில் முதல் 'க', ட இருந்த இடத்தில் முதல் 'ட'. "சேச்சி, நமக்கு இரண்டு மொழியிலும் சொந்தமான சொல் என்றால் காதைக் கேட்காதீர்கள், தமிழில் எப்படி எழுதுவீர்களோ அப்படி எழுதுங்கள், வாசிக்கும்போது நாக்கு தானே மெலிந்துகொள்ளும்" என்றார்.

இதை எனக்கு உறுதிப்படுத்தியது எங்கள் ஊர்ப் பெயரே. மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் நின்று, வந்த பேருந்தின் பலகையை முதன்முறையாக எழுத்துக் கூட்டினேன். கொ, ழி இரண்டும் உடனே தெரிந்தன. அடுத்த எழுத்தில் நான் 'ஞ்சா'வைத் தேடினேன். அங்கே இருந்தது 'ஞ்ஞா'. மாங்காயில் ங்க என்பது ங்ங ஆனதுபோல நம் ஞ்ச அவர்களிடம் ஞ்ஞ ஆகிறது. கஞ்சி அங்கே கஞ்ஞி. பிறகு 'ம்பா' வர வேண்டும். காதில் கேட்கும் ஒலிக்கு ஏற்ப மிருது 'ப'வைத் தேடியிருந்தால் அது கிடைத்திருக்காது; ம-வோடு ஒட்டி நின்றது முதல் 'ப'. கடைசியில் 'றை' இல்லை, வெறும் 'ற'. மலை அங்கே மல, தலை அங்கே தல, அதுபோலப் பாறை அங்கே பாற. ஒரே பலகையில் இத்தனையும் இருந்தன. அதற்குப் பின் ஒரு வாரம் வந்துபோகும் பேருந்தெல்லாம் எனக்குப் பாடமாயிற்று.

ஆனால் இந்த வழி எல்லாச் சொல்லுக்கும் பொருந்தாது. 'முகம்' தவறியதற்குக் காரணம் வேறு. டீச்சர் பலகையில் நான்கு சொற்களை எழுதினார்: லோகம், முகம், ரோகம், மேகம். தமிழில் எழுதினால் நான்கிலும் நடுவில் ஒரே 'க'தான். மலையாளத்தில் லோகத்துக்கு முதல் 'க', முகத்துக்கு இரண்டாவது, ரோகத்துக்கு மூன்றாவது, மேகத்துக்கு நான்காவது. சாதாரணப் பேச்சில் யாரும் தாள் படபடக்கும்படி மூச்சை விட்டுப் பேசுவதில்லை. ஆகவே கேட்டெழுத்தில் காது இங்கே உதவாது, தமிழும் உதவாது. வடமொழியிலிருந்து வந்த சொற்களை முகம் பார்த்து ஆளை அடையாளம் காண்பதுபோல ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும். நான் நோட்டை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் தமிழுக்கும் பொதுவான சொற்கள். அவற்றை ஒருமுறை எழுதிப் பார்த்ததோடு விட்டேன். வலப்பக்கம் ரோகம், நகரம், பக்ஷணம், வித்யா போன்றவை. ஐயமான எழுத்தின் அடியில் மட்டும் கோடிட்டு, நாளைக்கு ஐந்து சொல் வீதம் எழுதினேன். தேர்வுக்குள் வலப்பக்கத்தில் முந்நூறுக்கும் மேல் சேர்ந்திருந்தன. நான் இருபது எழுத்துகளையும் எல்லாச் சொல்லிலும் தேடி வீணாக்கிய முதல் மாதத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பிரிவினையை முதல் வாரமே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு தடுமாற்றம் பிறைக்குறியால் வந்தது. நாம் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைப்பதுபோல மலையாளத்தில் சின்னப் பிறை ஒன்றை வைப்பார்கள். அதற்குச் சந்திரக்கலா என்று பெயர். அதைப் புள்ளி என்றே எடுத்துக்கொண்டு, 'வீடு' என்ற சொல்லை 'வீட்' என்று வெட்டி வாசித்தேன். சொல்லின் கடைசியில் வரும் பிறை, நாம் வீடு, ஆடு, காடு என்னும்போது வாயைக் குவிக்காமல் சொல்லும் அரை உகரத்தைக் குறிக்கிறது. நமக்கு அதற்கும் முழு உகரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு இல்லை. அங்கே வேறுபாடு உண்டு, அதில் பொருளே மாறும். 'வந்நு' என்று முழு உகரம் போட்டு எழுதினால் வந்தான், வந்தாள், வந்தது என்று வினை முடிந்துவிடும். அதே சொல்லின் முடிவில் உகரத்துக்குப் பதில் பிறை வைத்தால் 'வந்து' என்று அடுத்த வினைக்காகக் காத்திருக்கும். இதை வாய்விட்டுச் சொல்லித்தான் பழகினேன்: முடிந்த வினைக்கு உதடு குவிய வேண்டும், முடியாததற்குக் குவியக்கூடாது. சமையல் செய்துகொண்டே இதைச் சொல்லிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "அம்மா, உன் உதடு சரியாகக் குவியவில்லை" என்று மகள் திருத்திக் கொடுப்பாள்.

பெரியவர்கள் கையால் எழுதியவற்றை வாசிப்பதில் நான் கடைசிவரை திணறினேன். 1971இல் மலையாள எழுத்தைச் சீர்திருத்தி உகரக் குறியைத் தனியே பிரித்துவிட்டார்கள்; ஆனாலும் பழைய முறையில் எழுத்தோடு ஒட்டி வளைத்து எழுதும் கைகள் இன்னும் இருக்கின்றன. தேர்வுத்தாள் அச்சில் வரும் என்பதால் அதை ஒதுக்கி வைத்தேன்.

தேர்வன்று பத்தியை வாய்விட்டு வாசித்தேன், கணக்கைச் சீக்கிரம் முடித்தேன். எழுதும் பகுதியில் என் குடும்பத்தைப் பற்றிச் சில வரிகள் எழுத வேண்டியிருந்தது. 'மகன்' என்று எழுதும்போது கை ஒரு கணம் நின்று, பிறகு முதல் 'க'வைப் போட்டது. வாசிப்பில் 30, கணக்கில் 29, எழுத்தில் 33 கிடைத்தன. போன ஏழில் பெரும்பாலானவை என் நோட்டின் வலப்பக்கத்துச் சொற்கள்தாம். நான்காம் வகுப்புக்கு இணையான துல்யதைத் தேர்வுக்கு இப்போது பெயர் கொடுத்திருக்கிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அயல்கூட்டத்தில் மினிட்ஸ் நோட்டை நானே எழுதினேன். யார் யார் வந்தார்கள் என்ற வரியில் 'வந்நு' என்று எழுதி, உதட்டைக் குவித்துச் சொல்லிப் பார்த்து, பிறை வைக்காமல் அடுத்த வரிக்குப் போனேன்.