என்ரான் காலவரிசை: ஒரே நிகழ்வுக்கு மூன்று தேதிகள்

வணிகவியல் மாணவர்களுக்காக, என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் 2001-இல் சரிந்த கதையைத் தேதிவாரியாகத் தொகுக்க உட்கார்ந்தேன். ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்தது என் அறியாமை.

முதலில் ஒரு அட்டவணையில் தேதி, நிகழ்வு என்று இரண்டே பத்திகள் போட்டேன். அக்டோபர் 22-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் விசாரிக்கத் தொடங்கியது என்று நாளிதழ்களை நம்பி எழுதினேன். உண்மையில் ஆணையம் விவரம் கேட்டுக் கடிதம் அனுப்பியது அக்டோபர் 17. நிறுவனம் அதை வெளியே சொன்ன நாள்தான் 22. அந்த ஐந்து நாள் இடைவெளிதான் கதையே. அதை என் அட்டவணை விழுங்கியிருந்தது. அழித்துவிட்டு, நடந்த நாள், அறிவித்த நாள், அச்சான நாள் என்று மூன்று தேதிப் பத்திகள் போட்டேன்.

என்னை அதிகம் அலைக்கழித்தது அக்டோபர் 16. அன்று நிறுவனம் விட்ட செய்தி வெளியீட்டின் தலைப்பு, ஒருமுறைச் செலவுகளைச் சேர்க்காமல் கணக்கிட்ட பங்குக்கு 43 சென்ட் லாபத்தோடு தொடங்குகிறது. 101 கோடி டாலர் ஒருமுறைச் செலவு அதற்குப் பிறகுதான் வருகிறது; 61.8 கோடி டாலர் நிகர நஷ்டம் தலைப்பிலேயே இல்லை. பங்குதாரர் மூலதனம் 120 கோடி டாலர் குறைந்த விஷயத்தை அந்த வெளியீட்டில் தேடித் தேடிக் கண்கள் வலித்தன. அது அதில் இல்லவே இல்லை. அன்று ஆய்வாளர்களுடன் நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் தலைவர் கென்னத் லே போகிறபோக்கில் சொன்னது அது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 18-ஆம் தேதி அதை எழுதியது. வெளியீட்டை மட்டும் நம்பியிருந்தால் அந்த வரி என் காலவரிசைக்கு வந்திருக்காது. நாளிதழை மட்டும் நம்பியிருந்தால் இரண்டு நாள் பிந்தியிருக்கும். இதற்குப் பிறகு, வெளியீட்டில் எது இல்லை என்பதற்கும் ஒரு பத்தி சேர்த்தேன்.

'செவ்வாய்க்கிழமை' என்று மட்டும் சொல்லும் செய்திகளுக்குப் பழைய நாட்காட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திவால் மனு தாக்கலான டிசம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை. அதனால் அச்சு நாளிதழ்களில் அது மறுநாள் செய்தி.

இன்னொரு ஏமாற்றம்: ஒரு நிகழ்வுக்கு ஆறு நாளிதழ்ச் சான்றுகள் சேர்ந்துவிட்டன என்று மகிழ்ந்திருந்தேன். நான்கில் ஒரே வாக்கியம், ஒரே காற்புள்ளி. நான்கும் ஒரே செய்தி நிறுவனத்தின் செய்தியை அப்படியே அச்சிட்டவை. ஆறு, மூன்றாகச் சுருங்கியது.

கடைசியில் முப்பது வரிகள் மிஞ்சின. மூன்று வரிகளில் நடந்த நாள் பத்தி இன்னும் காலியாகவே இருக்கிறது. ஊகித்து நிரப்பாமல் மாணவர்களுக்கு அப்படியே கொடுத்துவிட்டேன்.